படம் எடுத்த வங்கிக் கூற்றில் நிரல்கள் ஏன் குழம்புகின்றன, நிரைகளை எப்படித் திரும்பக் கட்டுவது

சுன்னாகத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணைக்கு நான் மாதாமாதம் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அவருடைய வங்கிக் கூற்று தபாலில், கடதாசியாகத்தான் வரும். அதைக் கடை மேசையில் விரித்து, போனால் படம் எடுத்து, வைபரில் அனுப்பிவிடுவார். 2025 ஏப்ரலில் அப்படி வந்த நான்கு பக்கங்களை, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓ.சி.ஆர் மென்பொருளுக்குக் கொடுத்து, வந்ததை எக்செலில் ஒட்டினேன். இலக்கங்களில் ஒரு பிழைகூட என் கண்ணில் படவில்லை. ஆனால் கூட்டிப் பார்த்தால் கணக்கு நிற்கவில்லை. அண்ணைக்குச் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி: “தம்பி, இலக்கமெல்லாம் சரியாத்தானே வந்திருக்கு? பிறகேன் கூட்டினா பிழைக்குது?”

அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை. இலக்கங்களை மாற்றியிருக்கிறேன், நடந்தது அப்படியே இருக்கிறது. முதலில், மென்பொருள் தந்த எழுத்தில் ஒரு துண்டைப் பாருங்கள்:

```
03/03 CASH DEP 62,000.00 246,350.00
04/03 CHQ 004217 48,725.50 197,624.50
06/03 CEFT TRF 35,000.00 162,624.50
CHUNNAKAM
07/03 CHQ DEP 91,400.00 254,024.50
10/03 CHARGES 25.00 253,999.50
11/03 CHQ 004219 118,360.00 135,639.50
```

கடதாசியில் இந்த அட்டவணைக்கு ஆறு நிரல்கள்: திகதி, விபரம், செக் இலக்கம், டெபிட், கிரெடிட், மீதி. ஒவ்வொரு நிரையிலும் டெபிட் அல்லது கிரெடிட் இரண்டில் ஒன்று வெறுமையாக இருக்கும். செக் இல்லாத நிரையில் செக் இலக்கமும் வெறுமை. (பாடசாலையில் படித்த வரவு, செலவு என்ற சொற்களை இங்கே வேண்டுமென்றே தவிர்க்கிறேன். எங்கள் ஏட்டில் வங்கிக் கணக்கு ஒரு பக்கமாக நிற்கும். வங்கியின் கூற்றில் அதே கணக்கு மறுபக்கமாக நிற்கும். இந்தக் கட்டுரையில் டெபிட் என்றால் கணக்கிலிருந்து வெளியே போன காசு, கிரெடிட் என்றால் உள்ளே வந்த காசு, அவ்வளவுதான்.)

வெறுமையான கட்டத்தில் மை இல்லை. ஓ.சி.ஆர் மென்பொருள் மையைத்தான் வாசிக்கும். 03/03 நிரையில் டெபிட் இடத்தில் ஏழு எட்டு எழுத்து அகலத்துக்கு வெள்ளைத் தாள் இருந்தது. அதை மென்பொருள் இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சாதாரண இடைவெளியாகச் சுருக்கிவிட்டது. அதனால் 62,000.00 டெபிட்டா கிரெடிட்டா என்று அது நிற்கும் இடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எக்செலில் இடைவெளியை வைத்துப் பிரித்தால், ஒரு நிரையில் மூன்றாவது கட்டத்தில் தொகை நிற்கும், இன்னொரு நிரையில் அதே கட்டத்தில் செக் இலக்கம் நிற்கும். நாங்கள் கண்ணால் அட்டவணை என்று பார்ப்பது, கோடு போடாத கூற்றுகளில், வெறும் இடைவெளிகளால் ஆனது. இடைவெளி போனால் அட்டவணையும் போய்விடும்.

இதைவிடக் கஷ்டமான இன்னொரு வடிவம் உண்டு. நான் பயன்படுத்துவது டெசரக்ட் என்ற இலவச மென்பொருள். 1980களில் எச்.பி நிறுவனத்தில் தொடங்கி, 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அது வழமையாகப் பக்கத்தின் அமைப்பைத் தானே ஊகித்துக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்கும். மேலிருந்து கீழாக நீளமான வெள்ளைப் பட்டைகளைக் கண்டால், பத்திரிகைப் பக்கத்தைப் போல அவற்றைப் பத்தி பிரிக்கும் இடைவெளி என்று எடுத்துக்கொள்ளும். பத்திரிகைக்கு அது சரி. வங்கிக் கூற்றுக்கு அது நாசம். திகதிகள் முழுக்க முதலில் வரும், பிறகு விபரங்கள், பிறகு டெபிட் நிரலில் இருந்த நான்கு தொகைகள், அப்புறம் கிரெடிட்டில் இருந்த இரண்டு, கடைசியில் மீதிகள் ஆறு. இவற்றை எக்செலில் பக்கம் பக்கமாக ஒட்டினால் டெபிட்டின் முதல் தொகையான 48,725.50 போய் 03/03க்கு எதிரே உட்காரும். நடுவில் வெறுமையாக இருந்த கட்டங்கள் இல்லாமல் போனதால் கீழே இருந்தவை எல்லாம் மேலே ஏறிவிட்டன. பார்வைக்கு ஒழுங்கான அட்டவணை மாதிரித்தான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நிரலில் எத்தனை தொகை என்று எண்ணினால் போதும்: ஆறு மீதிக்கு நான்கு டெபிட், இரண்டு கிரெடிட், வெறுமைக் கட்டம் ஒன்றுகூட இல்லை என்றால் அது இப்படி ஏறிப்போனதுதான்.

இதுவரை சொன்னது நேராக ஸ்கான் செய்த தாளிலும் நடக்கும். படம் எடுத்த தாளில் இதற்கு மேல் சரிவு சேர்கிறது, என்னை உண்மையில் ஏமாற்றியது அதுதான்.

ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் அது ஏறக்குறைய 2480 பிக்சல். அண்ணையின் கூற்றில் அந்த அளவில் நிரைக்கு நிரை இடைவெளி 50 பிக்சல். திகதி இடப்பக்கத்தில் 150ஆவது பிக்சலில் தொடங்குகிறது. மீதி வலப்பக்கத்தில் 2330இல் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே 2180 பிக்சல் தூரம். இப்போது படம் 1.5 பாகை மட்டும் சரிந்திருக்கிறது, தாளின் வலப்பக்கம் சற்று உயர்ந்திருக்கிறது என்று வையுங்கள். கையில் போனைப் பிடித்து எடுத்தால் அந்தச் சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் 2180 பிக்சல் தூரத்தில் அது 57 பிக்சல் உயரமாகிறது. ஒரு நிரையின் உயரத்தை விடவும் கூட.

அதன் விளைவு என்ன? 04/03இன் மீதி, படத்தில் 03/03 திகதியின் உயரத்தில் நிற்கிறது. ஒரே உயரத்தில் இருப்பதை ஒரே நிரை என்று எடுத்தால், ஒவ்வொரு திகதியும் அடுத்த நாளின் தொகையோடு சேர்ந்துவிடும். விபரம் திகதிக்குப் பக்கத்தில் இருப்பதால் திகதியோடேயே போகும். டெபிட்டும் கிரெடிட்டும் மீதிக்குப் பக்கத்தில் இருப்பதால் மீதியோடு போகும். செக் இலக்கம் நடுவில் இருக்கிறது. அதன் நகர்வு சுமார் 25 பிக்சல், அதாவது சரியாக அரை நிரை. அது எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது, நிரைக்கு நிரை மாறும்.

நான் முதலில் கண்டது இதைத்தான். என் எக்செலில் 10/03க்கு எதிரே CHARGES, 118,360.00 என்று இருந்தது. ஒரு ஹாட்வெயார் கடைக்கு வங்கிக் கட்டணம் ஒரு இலட்சத்துப் பதினெட்டாயிரமா? அதற்கு மேலே 07/03 CHQ DEP என்று செக் வைப்புக்கு எதிரே 25.00 டெபிட். வைப்பு எப்படி டெபிட்டில் போகும்? விபரம் ஒரு கதை சொல்ல, நிரல் வேறு கதை சொல்வதுதான் சரிவின் முதல் அடையாளம். பக்கத்தின் கடைசித் திகதிக்கு எதிரே தொகை இல்லாமல் இருப்பதும், தலைப்பு வரிக்கு நேரே ஒரு மீதி ஏறி நிற்பதும் அடுத்த அடையாளங்கள்.

படம் எடுக்கும்போதே இதில் பாதியைத் தவிர்க்கலாம். தாளை மேசையில் வைத்து, நேர் மேலே நின்று, கிட்டே போகாமல் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துப் பெரிதாக்கி எடுக்க வேண்டும். கிட்டே போய் எடுத்தால், போன் சற்றுச் சாய்ந்தாலே தாளின் கீழ்ப்பக்கம் அகன்றும் மேற்பக்கம் ஒடுங்கியும் வரும். மடிப்பின் மேல் ஒரு கண்ணாடித் தகடு வைத்தால் தாள் சப்பையாக நிற்கும். டியூப்லைற் அதில் தெறிக்காமல் பார்க்க வேண்டும். வைபரிலோ வாட்ஸ்அப்பிலோ சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். கோப்பாக அனுப்பினால் எடுத்தபடியே வரும். சுருக்கம் ஏன் முக்கியம் என்றால், 2480 பிக்சல் அகலத்தில் இந்தக் கூற்றின் ஓர் இலக்கம் 23 பிக்சல் உயரம். பாதியாகச் சுருங்கினால் 11. அந்த அளவில் காற்புள்ளியும் தசமப் புள்ளியும் இரண்டு பிக்சல் பொட்டாகிவிடும், 25.00 என்பது 2500 ஆக வரத் தொடங்கும். வங்கியின் இணையக் கணக்கிலிருந்து பி.டி.எப் எடுக்க முடியுமானால் இந்த வேலை எதுவுமே வேண்டாம், அதையே எடுங்கள். கடதாசி மட்டும்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்குத்தான் இந்த வழி. இன்னொன்று: முன்பின் தெரியாத இலவச இணையத்தளங்களில் ஒருவரின் வங்கிக் கூற்றை ஏற்ற வேண்டாம். டெசரக்ட் உங்கள் கணினியிலேயே ஓடும்.

சரி, இப்போது நிரைகளைத் திரும்பக் கட்டுவோம்.

மென்பொருளிடம் வெறும் எழுத்தைக் கேட்பதை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சொல்லும் படத்தில் எங்கே நின்றது என்று அதற்குத் தெரியும். கேட்டால் தரும்:

```
tesseract kootru.jpg out --psm 6 tsv
```

`--psm 6` என்பது முழுப் பக்கத்தையும் ஒரே துண்டாக எடு, பத்திரிகைப் பத்தியாகப் பிரிக்காதே என்று சொல்வது. `tsv` என்பது `out.tsv` என்ற கோப்பைத் தரும். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி. `left` என்பது இடது விளிம்பு, `top` மேல் விளிம்பு, `width` அகலம், `height` உயரம், `conf` வாசித்ததில் எவ்வளவு நம்பிக்கை, கடைசியில் `text`. இதை எக்செலில் திறக்கும்போது `text` நிரலை எழுத்து வகையாக எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 004217 என்ற செக் இலக்கம் 4217 ஆகும், 04/03 சில கணினிகளில் ஏப்ரல் 3 ஆகும். நாங்கள் செய்யாத இரண்டு பிழைகளை எக்செல் செய்து வைத்துவிடும்.

முதல் வேலை சரிவை அளப்பது. படத்தைக் கண்ணால் பார்த்து, ஒரே நிரை என்று உறுதியாகத் தெரிந்த இரண்டு சொற்களைப் பிடியுங்கள். நான் 07/03ஐயும் அதன் மீதி 254,024.50ஐயும் எடுத்தேன். திகதியின் நடுப்புள்ளி இடமிருந்து 233, மேலிருந்து 1240. மீதியின் நடுப்புள்ளி இடமிருந்து 2264, மேலிருந்து 1186. உயரத்தில் 54 குறைந்திருக்கிறது, தூரம் 2031. வகுத்தால் −0.0266. இதுதான் சரிவு. இதை `Q1` கட்டத்தில் போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு கணக்கு:

```
=H2+J2/2-$Q$1*(G2+I2/2)
=G2+I2+$Q$1*(H2+J2/2)
```

முதலாவது, சரிவை எடுத்த பிறகு அந்தச் சொல் நிற்கும் உயரம். 07/03க்கும் 254,024.50க்கும் இது இரண்டிலும் 1246 என்று வரும். இரண்டாவது, சரிவை எடுத்த பிறகு அந்தச் சொல்லின் வலது விளிம்பு. சரிந்த படத்தில் நிரல்களும் சரிந்துதான் நிற்கும், பக்கத்தின் அடிக்குப் போகப் போக வலப்பக்கம் நகரும். அதனால் இதையும் திருத்த வேண்டும். பலர் உயரத்தை மட்டும் திருத்திவிட்டு, பக்கத்தின் கீழ்ப்பாதியில் டெபிட் ஏன் கிரெடிட்டை நோக்கி நகர்கிறது என்று குழம்புகிறார்கள்.

பக்கத்தின் மேலே ஒரு நிரை, கீழே ஒரு நிரை என்று இரண்டு இடத்தில் சரிவை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றானால் படம் வெறுமனே திரும்பியிருக்கிறது, மேலே சொன்ன திருத்தம் போதும். மேலே ஒன்று கீழே வேறொன்று என்றால் போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்திருக்கிறார்கள். அப்போது தாளின் நான்கு மூலைகளையும் பிடித்து இழுத்து நேராக்க வேண்டும். போன்களில் உள்ள ஸ்கான் வசதி செய்வது அதைத்தான். மடிப்பால் வளைந்த வரியை அதுவும் நேராக்காது. வளைந்த இடத்தை மட்டும் தனிப் பட்டையாக வெட்டி, அந்தப் பட்டைக்குத் தனிச் சரிவு அளந்து செய்யலாம். என் அனுபவத்தில் அந்த நேரத்தில் அண்ணையை இன்னொரு படம் எடுக்கச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது வேலை, எந்தத் தொகை எந்த நிரல் என்று முடிவு செய்வது. இங்கே வலது விளிம்பைப் பிடிப்பதற்குக் காரணம், கூற்றில் தொகைகள் வலப்பக்கம் ஒட்டி அச்சிடப்படுகின்றன என்பது. டெபிட் நிரலின் மூன்று தொகைகளைப் பாருங்கள். 118,360.00 இடமிருந்து 1412இல் தொடங்குகிறது, 48,725.50 என்பது 1434இல், 25.00 என்பது 1511இல். தொடக்கத்தை வைத்துப் பார்த்தால் ஒரே நிரலுக்குள்ளேயே நூறு பிக்சல் வித்தியாசம். அவை முடியும் இடமோ 1610, 1611, 1609. கிரெடிட் 1960க்குப் பக்கத்தில் முடிகிறது, மீதி 2330க்குப் பக்கத்தில். கடைசியில் புள்ளியும் இரண்டு இலக்கமும் உள்ள சொற்களை மட்டும் வடிகட்டி, வலது விளிம்பின் வரிசையில் அடுக்கினால் மூன்று குவியல்கள் தானாகப் பிரிந்து நிற்கும். குவியலிலிருந்து நாற்பது பிக்சலுக்கு மேல் விலகி நிற்பது எதுவானாலும் அதை ஊகிக்காமல், கண்ணால் படத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். செக் இலக்கத்தில் தசமம் இல்லாததால் அது இந்த வடிகட்டலில் தானாக விலகிவிடும். கணக்கில் மேலதிகப் பற்று இருந்தால் சில கூற்றுகளில் மீதிக்குப் பின்னால் DR என்று இருக்கும். அது தனிச் சொல்லாக வரும், அந்த மீதியைக் கழித்தல் குறியோடு எழுத வேண்டும்.

மூன்றாவது, நிரைகளை நாட்டுவது. நான் திகதியிலிருந்து தொடங்குவதில்லை, மீதியிலிருந்து தொடங்குகிறேன். அண்ணையின் கூற்றில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஒரு மீதி, ஒரே ஒரு மீதி இருக்கிறது. ஆறு மீதி என்றால் ஆறு நிரை. திருத்திய உயரத்தில் ஒவ்வொரு மீதிக்கும் மேலேயும் கீழேயும் 25 பிக்சலுக்குள், அதாவது நிரை இடைவெளியில் பாதிக்குள், நிற்கும் சொற்களை அந்த நிரைக்குக் கொடுக்கிறேன். அப்போது CHUNNAKAM என்ற சொல் தனியே மிஞ்சும். அது 06/03இன் விபரத்தில் இரண்டாவது வரி. மீதியும் இல்லை, திகதியும் இல்லை, விபர நிரலில் மட்டும் எழுத்து இருந்தால் அது மேலே உள்ள நிரையின் தொடர்ச்சி. இதற்கு விலக்கு உண்டு: சில கூற்றுகளில் திகதியையும் தொகையையும் விபரத்தின் இரண்டு வரிகளுக்கும் நடுவில் அச்சிடுவார்கள். அப்படியானால் விபரத்தின் முதல் வரி தன் திகதிக்கு மேலே நிற்கும், அதை முந்திய நிரையோடு சேர்த்துவிடுவீர்கள். பக்கத்தின் முதல் கொடுக்கல் வாங்கலைப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும். நாளுக்கு ஒரு தடவை மட்டும் மீதி போடும் கூற்றுகளில் மீதியை நங்கூரமாக எடுக்க முடியாது. அங்கே தொகைகளை நங்கூரமாக எடுத்து, கணக்கை நாள்வாரியாகச் சோதிக்க வேண்டும்.

இப்போது சோதனை. வங்கிக் கூற்றுக்கு வேறு அட்டவணைகளுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது: முந்திய மீதியிலிருந்து டெபிட்டைக் கழித்து கிரெடிட்டைக் கூட்டினால் இந்த மீதி வர வேண்டும். டெபிட் D நிரலிலும் கிரெடிட் E நிரலிலும் மீதி F நிரலிலும் இருந்தால்:

```
=ROUND(F3-(F2-D3+E3),2)
```

எல்லா நிரையிலும் பூச்சியம் வர வேண்டும். ROUND இல்லாமல் போட்டால் தசமக் கணக்கில் எக்செல் விடும் நுண்ணிய மிச்சங்கள் பிழை மாதிரித் தெரியும். புதிய திகதி மேலே, பழையது கீழே என்று அச்சிடும் கூற்றானால் முதலில் திருப்பி அடுக்க வேண்டும். பக்கத் தொடக்கத்தில் வரும் முன்கொணர்ந்த மீதியை ஒரு கொடுக்கல் வாங்கலாக எண்ணாமல், முதல் F ஆக வைக்க வேண்டும். எங்கள் துண்டுக்கு அது 184,350.00.

பூச்சியம் வராவிட்டால் அந்த எண்ணே என்ன நடந்தது என்று சொல்லும். இந்தப் பகுதியை நான் மிகவும் விரும்புகிறேன். 62,000.00ஐத் தவறுதலாக டெபிட்டில் போட்டிருந்தால், முதல் நிரையில் 124,000.00 என்று வரும். தொகையின் சரியான இரட்டிப்பு. இரட்டிப்பைக் கண்டால் நிரல் மாறியிருக்கிறது. 48,725.50இல் உள்ள 8ஐ மென்பொருள் 3 என்று வாசித்திருந்தால், அந்த நிரையில் −5,000.00 வரும், அடுத்த நிரை பூச்சியமாகவே இருக்கும். ஒரு நிரை மட்டும் பிழைத்தால் தொகையில் ஓர் இலக்கம் பிழை. மீதி 197,624.50ஐ 191,624.50 என்று வாசித்திருந்தால், அந்த நிரையில் −6,000.00, அடுத்த நிரையில் +6,000.00. அடுத்தடுத்த இரண்டு நிரைகள் எதிர் எதிராக, ஒரே அளவில் பிழைத்தால் நடுவில் உள்ள மீதியில்தான் பிழை. 10/03இன் கட்டண வரி முழுதாக விடுபட்டிருந்தால், 11/03 நிரையில் −25.00 நிற்கும், விடுபட்ட தொகை எவ்வளவு, அது டெபிட்டா கிரெடிட்டா என்பதை அந்த எண்ணே தந்துவிடும். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு இடத்தில் பிழைத்தாலும் இப்படி ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, படத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்தினால் பத்து நிமிட வேலை.

ஆனால் இந்தச் சோதனைக்கு முழுதாக என்னை ஒப்புக்கொடுத்ததால்தான் ஒரு தடவை சறுக்கினேன். சரிந்த படத்தில் டெபிட்டும் கிரெடிட்டும் மீதியும் ஒன்றாக நகர்ந்தன என்று சொன்னேன் அல்லவா? டெபிட்டுக்கும் மீதிக்கும் நடுவே 720 பிக்சல்தான். அந்தத் தூரத்தில் 1.5 பாகைச் சரிவு 19 பிக்சல். அரை நிரையைத் தாண்டாது. அதனால் தொகைகள் தங்களுக்குள் பிரியவில்லை. திகதியும் விபரமும் ஒரு நிரை தள்ளி நிற்க, சோதனை எல்லா இடத்திலும் பூச்சியம் காட்டியது. அந்தக் கணக்கு வலப்பக்கத்து மூன்று நிரல்களை மட்டும்தான் பார்க்கிறது. இடப்பக்கம் என்ன ஆனது என்று அதற்குத் தெரியாது. முந்திய மாதத்தில் அப்படித் தள்ளி நின்ற திகதிகளோடு ஒரு பக்கத்தை நான் முடித்து அனுப்பியும் விட்டேன். மாதக் கடைசியில் வந்த ஒரு தொகை முந்திய நாளுக்குப் போயிருந்தது. நல்லவேளையாக மாதம் மாறவில்லை.

இடப்பக்கத்தைச் சோதிக்க வெளியே இருந்து ஒரு சாட்சி வேண்டும். கடைக்காரரிடம் அது எப்போதும் இருக்கிறது: செக் புத்தகத்தின் அடிக்கட்டை. 004217 என்ற அடிக்கட்டையில் 48,725.50 என்று அண்ணையின் கையெழுத்தில் இருக்கிறது. செக் இலக்கமும் தொகையும் கூற்றில் ஒரே நிரையில் விழுந்தால், அந்த நிரையின் நடுப்பகுதி சரி. திகதி வரை சரியா என்று பார்க்க, அடிக்கட்டைத் திகதிக்கு முந்திய நாளில் எந்தச் செக்காவது மாறியிருக்கிறதா என்று தேடுங்கள். 004219ஐ அண்ணை 11ஆம் திகதிதான் எழுதினார். என் அட்டவணையில் அதன் தொகை 10ஆம் திகதிக்கு எதிரே நின்றது. எழுதாத செக் மாற முடியாது. பக்கத்துக்கு இரண்டு செக்கை இப்படிப் பார்த்தால், மேலே ஒன்று கீழே ஒன்று, அந்தப் பக்கத்தின் திகதிகளை நம்பலாம். செக் இல்லாத கணக்கில் விபரத்தையும் நிரலையும் ஒப்பிடுங்கள்: DEP என்று இருப்பது கிரெடிட்டில், CHARGES என்று இருப்பது டெபிட்டில், சிறிய தொகையில்.

இன்னொரு இடத்திலும் சோதனை வாயைத் திறக்காது. அதை அதே நான்கு பக்கங்களில் மூன்றாவது பக்கத்தில் கண்டேன். தபால் உறைக்குள் போடக் கூற்றை மூன்றாக மடித்திருந்தார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் நிழல். சரிவு திருத்தி, நிரல் பிரித்து, கணக்குப் போட்டால் மேலிருந்து கீழ்வரை பூச்சியம். அடிக்கட்டைகளும் ஒத்துப்போயின. ஆனாலும் திருத்திய உயரங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும்போது ஓரிடம் உறுத்தியது. மீதிக்கு மீதி 50, 50, 100, 50 என்று வந்தது. 100 வந்த இடத்தில் விபரத்தின் இரண்டாவது வரி இருந்தது, அதனால் அது சரி. மடிப்புக்குப் பக்கத்தில் 150. நடுவே விபர வரியும் இல்லை. இரண்டு நிரைக்கான இடம் இருக்கிறது, எழுத்து ஒன்றும் இல்லை.

அண்ணையைக் கூப்பிட்டு அந்த மடிப்பை விரித்து வாசிக்கச் சொன்னேன். “ஓம் தம்பி, ஒருத்தர் தந்த செக் ஒண்டு போட்டனான், அண்டைக்கே திரும்பி வந்திட்டுது,” என்றார். 27,500.00 கிரெடிட், அடுத்த வரியில் 27,500.00 டெபிட். உள்ளே வந்த அதே தொகை வெளியே போனதால், இரண்டு வரியும் சேர்ந்து காணாமல் போனபோது மீதிச் சங்கிலியில் ஒரு கீறல்கூட விழவில்லை. திரும்பிய செக், பிழையாகப் போட்டு மாற்றிய பதிவு, இவையெல்லாம் இப்படிச் சோடியாகத்தான் வரும். அந்தச் செக் தந்தவர் அண்ணைக்கு இன்னும் காசு தர வேண்டியிருந்தது. அந்தச் சோடி இல்லாத அட்டவணையில் அப்படி ஒரு செக் வந்ததற்கே அடையாளம் இல்லை.

அதன் பிறகு என் எக்செலில் இன்னொரு நிரல் சேர்த்திருக்கிறேன். இந்த மீதியின் உயரத்திலிருந்து முந்திய மீதியின் உயரத்தைக் கழித்து, 50ஆல் வகுத்து, நடுவே உள்ள விபர வரிகளைக் கழிப்பது. ஒன்று என்று வந்தால் போகலாம். இரண்டோ மூன்றோ என்று வந்தால் அண்ணைக்கு அழைப்பு எடுக்கிறேன்.